கோணி, தகர தோங், காத்துப்புகா பை: 50 கிலோ நெல்லை எதுல போட்டா வண்டு வராது?

போன ஜனவரி கடைசில பினாகா பக்கம் என் மச்சான் அவரோட மலாய்க்கார கூட்டாளியோட சேர்ந்து போட்ட வயல்ல அறுப்பு முடிஞ்சுச்சு, வீட்டுக்குன்னு கொஞ்சம் நெல்லு நானும் எடுத்துக்கிட்டேன், 165 கிலோ ஈர நெல்லு. பட்டர்வொர்த்ல தாமான் வீட்ல இருக்கிற ஆளு நான், நெல்லு எப்படி வைக்கிறதுன்னு ஒண்ணும் தெரியாது. கேட்டவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க. அம்மா கோணில கட்டி வேப்பிலை போடுன்னாங்க, மச்சான் தகர தோங் வாங்குன்னாரு, ஆன்லைன்ல பாத்தா ஹெர்மெட்டிக் பேக்னு காத்தே போகாத பை ஒண்ணு இருக்கு அத வாங்குன்னு. சரி மூணுலயும் போட்டு பாத்துருவோம்னு 50 50 கிலோவா பிரிச்சு வச்சேன். பிப்ரவரி ரெண்டாவது வாரம் வச்சது, ஜூன் நடுவுல திறந்து பாத்தேன். என்ன ஆச்சுங்கறதையும், மறுபடி செஞ்சா எப்படி செய்வேங்கறதையும் முதல் தடவை நெல்லு வைக்கிறவங்களுக்காக எழுதறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். வண்டு வெளிய இருந்துதான் வரும், நல்லா மூடிட்டா போதும்னு நானும் நினைச்சேன். அது பாதிதான் உண்மை. கூன் வண்டு இருக்குல்ல, மூக்கு நீளமா இருக்குமே, மலாய்க்காரங்க பூபோக்னு சொல்வாங்க, அது தானியத்துல சின்னதா ஓட்டை போட்டு உள்ள முட்டை வச்சு, மேல ஒரு பசை மாதிரி பூசி அடைச்சிட்டு போயிடும். நீங்க எவ்வளவு உத்து பாத்தாலும் தெரியாது. புழு உள்ளயே தின்னு, உள்ளயே கூடு கட்டி, நம்ம ஊரு சூட்டுக்கு ஏறக்குறைய அஞ்சு வாரத்துல வண்டா வெளிய வரும். அதனாலதான் சுத்தமா இருந்த அரிசி ஒரு மாசம் கழிச்சு திடீர்னு நடக்க ஆரம்பிக்குது. முட்டை வயல்லயே வந்திருக்கலாம், மிஷின்ல இருந்து வந்திருக்கலாம், பழைய சாக்கோட தையல்ல ஒளிஞ்சிருந்த வண்டு வச்சிருக்கலாம். ஆக நீங்க மூடறப்பவே உள்ள ஆள் இருக்குன்னு நினைச்சுக்கங்க. வெளிய இருக்கிறத தடுக்கணும், அதோட உள்ள இருக்கிறத சாகடிக்கணும். இந்த ரெண்டாவது வேலையிலதான் மூணும் வேற வேற.

காய வைக்கிறது: இத விட்டுட்டு எந்த பை வாங்கியும் புண்ணியம் இல்ல

அறுத்த உடனே நெல்லுல 20லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் ஈரம் இருக்கும். பல மாசம் வைக்கணும்னா 13க்கு கொண்டு வரணும், விதைக்குன்னா 12 இல்ல அதுக்கும் கீழ. 14னா ஒரு ரெண்டு மூணு மாசம் சமாளிக்கலாம். அதுக்கு மேலன்னா பூஞ்சை.

ஜனவரி பிப்ரவரி நம்ம பக்கம் மழை கம்மி, அது ஒரு அதிர்ஷ்டம். போர்ச்ல வெறும் சிமெண்ட்ல கொட்டாதீங்க, கேன்வாஸ் விரிச்சு அதுல கொட்டுங்க. கனம் ரெண்டு விரல் அளவு, 3 சென்டிமீட்டர் போதும், அதுக்கு மேல குவிச்சா மேல காஞ்சு அடில ஈரமா நிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை கிளறி விடணும். இதுதான் எல்லாருக்கும் சலிப்பு வர்ற இடம், என் பையன் முதல் நாள் ஆர்வமா கிளறினான், ரெண்டாம் நாள் ஆளையே காணோம். உச்சி வெயில்ல நெல்லு கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டுச்சுன்னா கொஞ்ச நேரம் மூடி வைங்க, ரொம்ப சூடானா உள்ள அரிசி வெடிச்சு அப்புறம் மிஷின்ல குருணையாதான் வரும். சாயங்காலம் கேன்வாஸோட சுருட்டி மூடிருங்க, ராத்திரி பனி பட்டா பகல்ல போன ஈரம் திரும்ப வந்துரும். எனக்கு மூணு நாள் ஆச்சு.

காஞ்சிருச்சான்னு எப்படி தெரியும்? ஈரம் பாக்கற மீட்டர் இருந்தா நல்லது, மச்சானோட கூட்டாளிகிட்ட இருந்துச்சு, கடன் வாங்கினேன். இல்லாதவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு எடை கணக்கு. என் நெல்லு ஆரம்பத்துல 20 சதவீதம், 165 கிலோ. அதுல தண்ணி போக வெறும் பொருள் 80 சதவீதம், 132 கிலோ. 13 சதவீதத்துல அந்த 132 கிலோ மொத்தத்துல 87 பங்கு, அப்ப மொத்தம் கிட்டத்தட்ட 152 கிலோ வரணும். நான் நிறுத்து பாத்தேன், 152தான். 13 கிலோ தண்ணி போர்ச்லயே போச்சு. ஆரம்ப ஈரம் தெரிஞ்சா யாரு வேணாலும் இத போடலாம்.

இன்னொண்ணு உப்பு. பொடி உப்ப வாணல்ல வறுத்து நல்லா காய வச்சு ஆறவிட்டு, காஞ்ச கண்ணாடி பாட்டில்ல ரெண்டு மூணு ஸ்பூன் போட்டு, பாதி பாட்டிலுக்கு நெல்லு போட்டு மூடி நல்லா குலுக்குங்க, ஒரு கால் மணி நேரம் விட்டு பாருங்க. உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டுனா 15க்கு மேல ஈரம், திரும்ப வெயில்ல போடுங்க. ஒட்டலன்னா 15க்கு கீழ. ஆனா ஒட்டலன்னா 13னு அர்த்தம் இல்ல, 14.5 கூட இருக்கலாம், அதனால ஒட்டாம வந்த பிறகும் நான்னா இன்னொரு நாள் காய வைப்பேன்.

கடைசியா ஒண்ணு, வெயில்ல இருந்து அள்ளி சூடா அப்படியே பைல கட்டாதீங்க. சூடான நெல்லு மூடின பைல வேர்க்கும். நிழல்ல ஆறவிட்டு, தூத்தி, பொக்கு, வைக்கோல் துண்டு, கல்லு எல்லாம் எடுத்துட்டு கட்டுங்க. வைக்கோல் துண்டு பிளாஸ்டிக்க குத்தும், அது பின்னாடி வரும்.

கோணி: நம்ம வீட்டுக் காத்தும் அதோட காத்தும் ஒண்ணு

கோணி, மலாய்ல கூனி, ரெண்டும் ஒரே வார்த்தைதான் போலருக்கு. சணல் சாக்கு மூச்சு விடும், அதுதான் அதோட நல்லதும் கெட்டதும். நல்லது என்னன்னா கொஞ்சம் ஈரமா இருக்கிற நெல்ல தற்காலிகமா வைக்கிறதுக்கு இதுதான் பாதுகாப்பு, உள்ள சூடு கட்டாது. கெட்டது என்னன்னா நெல்லு சுத்தி இருக்கிற காத்தோட ஈரத்துக்கு தானா போய் நிக்கும். பினாங்குல காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதம் பக்கம், அந்த காத்துல விட்ட நெல்லு கடைசில 15 சதவீதம் கிட்ட போய்தான் நிக்கும். நீங்க மூணு நாள் வெயில்ல நின்னு இறக்குன ஈரத்த ஸ்டோர் ரூம் காத்து மெதுவா திருப்பி குடுத்துரும். ஊர்ல, அதாவது தமிழ்நாட்டுல வறண்ட பக்கம், கோணில வச்சா சரியா வருதுன்னு சொல்றவங்க பொய் சொல்லல, அவங்க காத்து வேற.

என் கோணி இத அப்படியே காட்டுச்சு. 50 கிலோ வச்சது மார்ச் நடுவுல 50.7, ஏப்ரல் கடைசில 51.2. எடை கூடிருக்குன்னு அம்மாவுக்கு சந்தோஷம். ஐயோ அது தண்ணிம்மா, 43.5 கிலோ காஞ்ச பொருள் 51.2 கிலோவா நிக்குதுன்னா ஈரம் 15 சதவீதம். ஆறாவது வாரம் முதல் வண்டு சாக்கு மேல நடந்துச்சு. அப்புறம் வெளிறின சின்ன அந்துப்பூச்சி லைட்ட சுத்தி பறந்துச்சு. ஜூன்ல சாக்குக்கு அடில மாவு மாதிரி தூள், கைய உள்ள விட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்த வெதுவெதுப்புதான் முக்கியமான அறிகுறி, பூச்சியும் பூஞ்சையும் மூச்சு விடற சூடு அது, கண்ணுக்கு வண்டு தெரியறதுக்கு முன்னாடியே கைக்கு தெரியும்.

வேப்பிலையும் போட்டேன், அம்மா சொன்னா தட்ட முடியுமா. வெளிய இருந்து வர்ற பூச்சிய கொஞ்சம் தள்ளி வைக்கலாம், நெல்லுக்குள்ள அடைச்சு வச்ச முட்டைய வேப்பிலை ஒண்ணும் செய்யாது. காஞ்ச மிளகாயும் அப்படித்தான்.

அப்ப கோணி வேணாமா? ஒரு மாசத்துக்குள்ள தீத்துருவீங்கன்னா தாராளமா வைங்க. ஆனா பழைய கோணின்னா கொதிக்கிற தண்ணில முக்கி எடுத்து நல்லா வெயில்ல காய வச்சிட்டு போடுங்க. மச்சானோட கூட்டாளி முதல் நாளே சொன்னாரு, பழைய கூனில புது நெல்லு போடாதன்னு, நான் கேக்கல, என் சாக்கு பழசு. தரைல வைக்காம கட்டை மேல வைங்க, சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வைங்க, சிமெண்ட்ல இருந்தும் சுவத்துல இருந்தும் ஈரம் ஏறும்.

தகர தோங்: எலிய தடுக்கறதுல ராஜா, மூடிதான் எதிரி

தோங் வாங்கறப்ப முதல் எச்சரிக்கை, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாத டிரம் வேண்டாம், கெமிக்கல் வாசனை கழுவினாலும் போகாது, சாப்பாட்டு சாமான் வச்சது இல்லன்னா புதுசு. எனக்கு கிடைச்சது 200 லிட்டர், மூடி பட்டையோட.

எலி விஷயத்துல தோங்க அடிச்சிக்க ஆளில்ல. எங்க லைன்ல பின்னாடி சாக்கடை, எலி பூனை சைஸ்ல இருக்கும், தகரத்த ஒண்ணும் பண்ண முடியல. ஆனா நான் ரெண்டு தப்பு பண்ணேன்.

முதல் தப்பு, 200 லிட்டர் தோங்ல 50 கிலோ. நெல்லு லேசு, 50 கிலோ ஏறக்குறைய 87 லிட்டர் இடம் பிடிக்கும். அதுலயும் பாதி இடம் நெல்லுக்கு நடுவுல இருக்கிற காத்து, 43 லிட்டர்னு வைங்க. தோங்ல அதுக்கு மேல 113 லிட்டர் காலி, ஆக மொத்தம் 156 லிட்டர் காத்து. காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன், அப்ப 33 லிட்டர் ஆக்சிஜன். அதே 50 கிலோவ இறுக்கி கட்டுன பைல வச்சா 43 லிட்டர் காத்து, 9 லிட்டர் ஆக்சிஜன்தான். உள்ள இருக்கிற வண்டுங்க மூச்சு விட்டே ஆக்சிஜன தீத்து தானா சாகணும்னு நினைக்கிறோம், அதுங்களுக்கு மூணரை மடங்கு சாப்பாடு போட்ட மாதிரி நான் காத்த குடுத்துட்டேன். போதாததுக்கு ஆரம்பத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆசையா திறந்து பாத்தேன். திறக்க திறக்க புது காத்து.

ரெண்டாவது தப்பு, பின்னாடி ஜிங்க் கூரைக்கு அடில வச்சது. பகல்ல தகரம் சூடாகும், நெல்லுக்குள்ள இருக்கிற ஈரம் கொஞ்சம் ஆவியாகி மேல போகும், ராத்திரி மழை பேஞ்சு மூடி குளிர்ந்தா அந்த ஆவி மூடிக்கு அடில முத்து முத்தா நின்னு திரும்ப நெல்லு மேலயே சொட்டும். தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமா. ஜூன்ல பாத்தா மேல ரெண்டு விரல் கனத்துக்கு நெல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அப்பளம் மாதிரி ஒரு தட்டு, பச்சையும் சாம்பலுமா பூஞ்சை, ஈர வாசனை. அதுக்கு அடில நடுவுல மீட்டர் 13.2தான் காட்டுச்சு. அதாவது நெல்லு நல்லா காஞ்சிருந்தும், ஒரு சொட்டு மழை உள்ள போகாமலும், இருந்த ஈரமே இடம் மாறி ஒரே இடத்துல சேந்து கெடுத்துருச்சு. அந்த பூஞ்சை தட்ட கோழிக்கு போடலாம்னு மச்சான் சொன்னாரு, போடாதீங்க, பூஞ்சை விஷம் கோழிக்கும் ஆகாது, கோழிய தின்ற நமக்கும் ஆகாது. எடுத்து தூரப் போட்டேன், சுத்தி ஒரு சாண் ஆழத்துக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சதையும் சேத்து.

சிலர் மூடறதுக்கு முன்னாடி உள்ள மெழுகுவத்தி ஏத்தி வச்சு மூடுங்க, ஆக்சிஜன் எரிஞ்சு போயிரும்னு சொல்வாங்க. செய்யறதுக்கு நல்லாதான் இருக்கு, ஆனா மெழுகுவத்தி ஆக்சிஜன் 16 சதவீதம் பக்கம் வந்ததுமே அணைஞ்சிரும். வண்டு தின்றத நிறுத்தணும்னாலே 5 சதவீதத்துக்கு கீழ போகணும். 16ல அது ஜாலியா இருக்கும்.

தோங்க சரியா பயன்படுத்தணும்னா: வீட்டுக்குள்ள, வெயில் படாத சுவத்துப் பக்கம், கட்டை மேல. தோங்க விட நெல்லு கம்மியா இருந்தா சின்ன தோங் வாங்குங்க, கழுத்து வரைக்கும் ரொப்புங்க. மூடிய சுத்தி ரப்பர் வளையம் இல்லன்னா அகலமான டேப் ரெண்டு சுத்து. வாரா வாரம் திறக்காதீங்க. இவ்வளவும் செஞ்சா தோங்கும் ஓரளவுக்கு காத்துப்புகா பை மாதிரியே வேலை செய்யும்.

காத்துப்புகா பை: வண்டே வண்ட கொல்ற இடம்

இந்த பைல ரெண்டு மாதிரி வருது. ஒண்ணு மூணடுக்கு பை, ரெண்டு தடிமனான பிளாஸ்டிக் பை, வெளிய ஒரு நெய்த சாக்கு. 1980கள் கடைசில ஆப்பிரிக்காவுல கேமரூன்ல தட்டைப்பயறு வைக்க பர்டூ பல்கலைக்கழக ஆளுங்க ஆரம்பிச்சது, பிக்ஸ் பைன்னு பேரு, பிளாஸ்டிக் ஒவ்வொண்ணும் 80 மைக்ரான். இன்னொண்ணு ஒரே ஒரு பை, ஆனா அந்த பிளாஸ்டிக்குக்குள்ளயே காத்த தடுக்கிற அடுக்கு இருக்கும், நம்ம கிட்ட இருக்கிற கோணிக்குள்ள போட்டுக்கணும், பிலிப்பைன்ஸ்ல இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம் சூப்பர் பேக்னு பரப்புனது இந்த மாதிரி. நான் வாங்குனது ரெண்டாவது. குப்பை போடற கருப்பு பிளாஸ்டிக் பைய ரெண்டு மூணு அடுக்கா போட்டா ஆகாதான்னு கேப்பீங்க, ஆகாது, அது மெல்லிசு, காத்தும் உள்ள கசியும், வண்டும் ஓட்டை போடும்.

அளவு பாத்து வாங்குங்க. 50 கிலோ பைன்னு போட்டிருந்தா எதுக்கு 50னு கேளுங்க. அரிசி 50 கிலோ 62 லிட்டர்ல அடங்கும், நெல்லு 87 லிட்டர் கேக்கும். மேல முறுக்கி கட்ட ஒரு முழத்துக்கு கிட்ட வெறும் பிளாஸ்டிக் வேற மிஞ்சணும்.

வேலை செய்யற விதம் அழகா இருக்கும். உள்ள இருக்கிற வண்டு, புழு எல்லாம் மூச்சு விட்டு ஆக்சிஜன தீக்கும், கரியமில வாயு ஏறும். 5 சதவீதத்துக்கு கீழ போனா தின்றத நிறுத்திரும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, அதுங்க மூச்சு முட்டி உடனே சாகறத விட தாகத்துல சாகறதுதான் அதிகம். காஞ்ச நெல்லுல வாழற வண்டு தண்ணியே குடிக்கிறதில்ல, தின்ற மாவ ஆக்சிஜனோட சேத்து எரிச்சு உடம்புக்குள்ளயே தண்ணி தயாரிச்சுக்குது. ஆக்சிஜன் இல்லன்னா அந்த தண்ணி வராது, காஞ்சு போயிரும். அதனாலதான் நெல்லு நல்லா காஞ்சிருக்கணும்னு இங்கயும் சொல்றேன். ஈர நெல்லுன்னா வண்டுக்கு தாகம் எடுக்காதுங்கறது ஒரு பக்கம், மூடின பைல ஈர நெல்லு புளிச்சு கள்ளு வாசனை வந்துரும்ங்கறது இன்னொரு பக்கம். இந்த பை ஈரத்த உள்ள விடாது, உள்ள இருக்கிறத வெளியவும் விடாது. 16 சதவீதத்துல கட்டுனா 16லயே நிக்கும்.

கட்டற முறை. முதல்ல பைய ஊதி வாய முறுக்கி அமுக்கி பாருங்க, காத்து இறங்குதா, கன்னத்துகிட்ட வச்சா சில்லுன்னு படுதா. ஓட்டை இல்லன்னா கோணிக்குள்ள இறக்கி, கோணி வாய மடிச்சு பிளாஸ்டிக்கோட சேத்து பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், தனியா செஞ்சா பாதி நெல்லு வெளிய. கொஞ்சம் கொஞ்சமா கொட்டி பைய லேசா தட்டி தட்டி உக்கார வைங்க, மூலைல காத்து நிக்காம. ரொம்பினதும் மிச்ச பிளாஸ்டிக்க மேல இழுத்து, நெல்லு மேல கைய வச்சு அமுக்கி காத்த வெளியேத்தி, கயிறு மாதிரி இறுக்கமா முறுக்குங்க. முறுக்குனத ரெண்டா மடிச்சு ரப்பர் பேண்ட் இல்ல நைலான் கயிறு போட்டு கட்டுங்க. மூணடுக்கு பைன்னா உள் பைய இப்படி கட்டி, அப்புறம் நடு பைய தனியா கட்டி, கடைசில சாக்கு. மூணையும் சேத்து ஒரே கட்டா கட்டுனா முறுக்கு இறுகாது, நடுவுல காத்து போகும்.

கட்டுன தேதிய மார்க்கர்ல எழுதி, குறைஞ்சது ஒரு மாசம் தொடாதீங்க. உள்ள வண்டு அதிகமா இருந்தா ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், கம்மியா இருந்தா வாரக்கணக்குல ஆகும், நடுவுல திறந்தா முதல்ல இருந்து ஆரம்பம்.

என் பை ஜூன்ல திறந்தப்ப நெல்லு 13.1. மேல ஏழெட்டு செத்த வண்டு, தொட்டா பொடியா போச்சு. பிளாஸ்டிக்குல ஒரே ஒரு ஊசி முனை ஓட்டை, உள்ள இருந்து குத்துனது. நெல்லு துளைக்கிற சின்ன உருளை மாதிரி வண்டு ஒண்ணு இருக்கு, அதுக்கு தாடை பலம், உமி உடையாத நெல்லையும் துளைக்கும், பிளாஸ்டிக்கையும் துளைக்கும். கூன் வண்டு அப்படி இல்ல, உமி முழுசா இருந்தா பெரும்பாலும் உள்ள போக முடியாது, அதனாலயே அரிசியா வைக்கிறத விட நெல்லா வச்சு அப்பப்ப அரைச்சுக்கறது நல்லது. அந்த ஒரு ஓட்டைக்கு டேப் ஒட்டிட்டேன். அஞ்சாறு ஓட்டை இருந்தா பைய மாத்திருங்க.

பைக்கு பெரிய எதிரி எலி. ஒரு ராத்திரி போதும் அதுக்கு.

இப்ப நான் எப்படி வைக்கிறேன்

எத்தனை நாளைக்கு ஒரு தடவை திறப்பீங்கங்கறதுதான் கேள்வி. எங்க வீட்ல ஆறு பேரு, மாசம் 25 கிலோ நெல்லு போகும். அத 50 கிலோ பைல வச்சா பாதிய எடுத்துட்டு பாதிய காத்தோட மூட வேண்டி வரும். அதனால இந்த தடவை 25 கிலோ பை வாங்கி, மாசத்துக்கு ஒண்ணுன்னு திறக்கறேன், திறந்த பை அந்த மாசமே தீரணும். மூடுன பைங்க எல்லாம் தகர தோங்குக்குள்ள போகுது, ரெண்டு ரெண்டா. அப்ப எலி தோங்க தாண்ட முடியாது, காத்து பைய தாண்ட முடியாது, நெல்லு தகரத்த நேரா தொடறதில்ல, தோங் மூடி வேர்த்தாலும் சொட்டு பை மேலதான் விழும். தோங்க வீட்டுக்குள்ள மாடிப்படிக்கு அடில வச்சுட்டேன், வீட்டுக்காரிக்கு அதுல கொஞ்சம் வருத்தம், அவங்க மாப்பு வாளி வைக்கிற இடம் அது.

அரைச்ச அரிசி அஞ்சு பத்து கிலோ மட்டும் வச்சிருக்கிறவங்க இவ்வளவு பாடு பட வேண்டாம், சின்ன சின்ன பைல கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சு எடுங்க, முட்டை புழு எல்லாம் செத்துரும். எடுத்ததும் பைய திறக்காம வெளிய வச்சு வீட்டு சூட்டுக்கு வந்த பிறகு திறங்க, இல்லன்னா குளிர்ந்த அரிசி மேல காத்து ஈரம் படிஞ்சு நீங்களே பூஞ்சைக்கு தண்ணி ஊத்துன மாதிரி ஆயிரும்.

குடோன்ல போடற புகை மாத்திரை ஒண்ணு இருக்கு, யாராவது ரெண்டு வாங்கி தோங்ல போடுன்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க. ஈரக் காத்து பட்டதும் பாஸ்பின்னு ஒரு விஷ வாயு விடும், அது பயிற்சி எடுத்தவங்க ஆளில்லாத கட்டடத்துல செய்யற வேலை, ஆளு தூங்கற வீட்ல போட்டா உசுரு போயிரும்.

கோணில இருந்த நெல்ல என்ன பண்ணேன்னு கேப்பீங்க. பூஞ்சை வாசனை இல்ல, அதனால திரும்ப ரெண்டு நாள் காய வச்சு, சல்லடைல சலிச்சு, புதுப் பைல கட்டி ஆறு வாரம் விட்டேன். திறந்தப்ப செத்த வண்டு ஒரு கைப்பிடி தேறுச்சு, தூத்தி எடுத்தேன். மிஷின்ல அரைச்சா முழு அரிசி கம்மி, குருணை அதிகம், நெல்லுக்குள்ள ஏற்கனவே தின்னு முடிச்சத எந்த பையும் திருப்பி குடுக்காதுல்ல. அம்மா அந்த குருணைல கஞ்சி வச்சாங்க. அந்த பழைய கோணிய கொதிக்க வச்சு காயப் போட்டு, இப்ப அதுக்குள்ளதான் ஒரு காத்துப்புகா பை உக்காந்திருக்கு.